படத்தில் வந்த 3×3 அணியை மூலைவிட்டமாக்கி A¹⁰ காண்பது: விடை வராதபோது எங்கே தேடுவது

செமஸ்டர் நெருங்கும்போது வாட்ஸ்அப்பில் சுற்றும் கேள்வித்தாள் படங்களில் இந்த வகைக் கணக்கு அடிக்கடி தலைகாட்டும்: 3×3 அணி ஒன்றைத் தந்து, அதை மூலைவிட்டமாக்கி, அதன்மூலம் A¹⁰ காணச் சொல்வார்கள். முறை பெரும்பாலோருக்குத் தெரியும். ஐகன் மதிப்புகளைக் கண்டுபிடி, ஐகன் வெக்டர்களை நிரல்களாக அடுக்கி P அமை, A = PDP⁻¹ என்று எழுது, அப்புறம் Aⁿ = PDⁿP⁻¹. சிக்கல் எங்கே என்றால், விடை இடிக்கும்போது பிழை படத்தில் இருக்கிறதா, எழுதி எடுத்ததில் இருக்கிறதா, கணக்கில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் முதலிலிருந்து திரும்பப் போடுகிறோம். படம் தவறாக இருந்தால் எத்தனை முறை திரும்பப் போட்டாலும் அதே தவறான விடைதான் வரும்.

அதனால் அறிகுறியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போவோம். ஒரே அணியைக் கடைசி வரை வைத்துக்கொள்கிறேன்:

```
4   1  -1
2   5  -2
1   1   2
```

அறிகுறி 1: ஒரு ஐகன் மதிப்பு அழகான முழு எண், மற்ற இரண்டும் வர்க்கமூலத்தோடு வருகின்றன

இந்த அணியில் இரண்டு கழித்தல் குறிகள் இருக்கின்றன, இரண்டும் வலது ஓரத்து நிரலில். ஜெராக்ஸ் தாளைக் கைப்பேசியில் எடுக்கும்போது முதலில் பலியாவது இந்த மெல்லிய கோடுகள்தான். ஸ்கேன் செயலியில் கறுப்பு-வெள்ளை வடிகட்டியைப் போட்டால், மங்கலான சிறு கோட்டை அது அழுக்கு என்று நினைத்து அழித்துவிடும். எண்கள் பளிச்சென்று தெரிவதால் படம் நன்றாக இருப்பதாகவே நமக்குத் தோன்றும்.

மேல் வலது மூலையில் உள்ள -1, வெறும் 1 ஆகிவிட்டது என்று வையுங்கள். சிறப்பியல்புச் சமன்பாடு இப்படி வரும்:

```
λ³ - 11λ² + 37λ - 39 = 0
```

λ = 3 போட்டால் 27 - 99 + 111 - 39 = 0. சரியாக இருக்கிறது. மீதி λ² - 8λ + 13 = 0, அதன் மூலங்கள் 4 + √3, 4 - √3. இப்போது வழக்கமான சரிபார்ப்புகளைச் செய்து பாருங்கள். மூன்றின் கூடுதல் 3 + 8 = 11, அதாவது மூலைவிட்டத்து 4 + 5 + 2. பெருக்கல் 3 × 13 = 39, அணிக்கோவையின் மதிப்பும் அதுவே. இரண்டு சோதனையும் தேறிவிட்டன, ஆனால் அணியே தவறு!

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கூடுதலும் பெருக்கலும் நீங்கள் எழுதி வைத்திருக்கும் அணியோடு உங்கள் கணக்கு பொருந்துகிறதா என்று மட்டும்தான் சொல்லும். எழுதி வைத்த அணி தாளில் உள்ள அணிதானா என்று அவற்றுக்குத் தெரியாது. அதிலும் கூடுதல் சோதனை மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ள எந்தப் பிழையையும் பார்க்கவே பார்க்காது.

3 என்ற மூலம் மட்டும் ஏன் தப்பிப் பிழைத்தது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். சரியான அணியிலிருந்து 3I-ஐக் கழியுங்கள்:

```
1   1  -1
2   2  -2
1   1  -1
```

மூன்று நிரைகளும் ஒரே நிரையின் மடங்குகள், ஆகவே இதன் தரம் 1. ஒரே ஓர் உறுப்பை மாற்றினால் தரம் அதிகபட்சம் 2-க்குத்தான் போகும், 3 ஆக முடியாது. எனவே எந்த ஓர் உறுப்பைத் தவறாகப் படித்திருந்தாலும் A - 3I-இன் அணிக்கோவை பூச்சியமாகவே இருக்கும், 3 ஐகன் மதிப்பாகவே நிற்கும். ஆக, 3 அழகாக வந்துவிட்டது என்பதை வைத்து அணியைச் சரியாகப் படித்துவிட்டோம் என்று முடிவுகட்ட முடியாது.

மற்ற இரண்டு மூலங்கள்தான் பேசும். அவற்றின் கூடுதல் எப்படியும் 8. பெருக்கலைப் பாருங்கள்: மேலுள்ள கழித்தல் குறி மட்டும் போனால் 13, மூலங்கள் 4 ± √3. நடுவில் உள்ள -2, 2 ஆனால் 11, மூலங்கள் 4 ± √5. இரண்டு குறியும் போனால் 9, மூலங்கள் 4 ± √7. எதுவும் போகாவிட்டால் 15, மூலங்கள் 3, 5. உங்கள் தாளில் இந்த மூன்று வர்க்கமூலங்களில் ஒன்று நிற்கிறதென்றால் மூன்றாம் நிரலைத் திரும்பப் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது? அச்சடித்த தாளாக இருந்தால் ஒரு நல்ல தடயம் உண்டு. அணியின் ஒவ்வொரு நிரலும் பெரும்பாலும் நடுவில் ஒழுங்குபடுத்தி அச்சடிக்கப்படும். -1 என்பதில் குறியும் எண்ணும் சேர்ந்து நடுவில் உட்காருவதால், 1 என்ற எண் சற்று வலப்பக்கம் தள்ளி நிற்கும். குறி அழிந்த பிறகும் அந்தத் தள்ளல் மிச்சமிருக்கும். படத்தைப் பெரிதாக்கி, மூன்றாம் நிரலில் மேலிருந்து கீழே கண்ணை ஓட்டுங்கள். கீழே உள்ள 2-ஐ விட மேலே உள்ள 1-உம் 2-உம் வலப்பக்கம் விலகியிருந்தால், அவற்றுக்கு முன்னால் ஏதோ இருந்திருக்கிறது. கையெழுத்தில் இது உதவாது. அங்கே அனுப்பியவரிடம், வடிகட்டி போடாத மூலப் படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, இருக்கிற கோடும் கரைந்துவிடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வர்க்கமூலம் வந்தாலே தவறு என்று அர்த்தமில்லை. அளவீடுகளிலிருந்து வரும் அணிகளுக்கு முழு எண் மூலங்கள் வருவது அரிது. 4 ± √3 வந்த அணியும் மூன்று வெவ்வேறு ஐகன் மதிப்புகள் கொண்டது, தாராளமாக மூலைவிட்டமாகும். கையால் போடச் சொல்லும் தேர்வுக் கணக்கில் மட்டும்தான் வர்க்கமூலம் சந்தேகத்துக்கு இடம் தருகிறது. அப்போதும் குறியை நீங்களாக நட்டுவிடாதீர்கள். தாளையோ நல்ல படத்தையோ பார்த்து உறுதி செய்துகொண்டு மாற்றுங்கள்.

அறிகுறி 2: 3, 3, 5 என்று சரியாக வந்தது, ஆனால் இரண்டு வெக்டர்கள்தான் கிடைக்கின்றன

சரியான அணிக்குச் சமன்பாடு λ³ - 11λ² + 39λ - 45 = 0, அதாவது (λ - 3)²(λ - 5) = 0. λ = 5-க்கு எந்தச் சிக்கலும் இல்லை: x = z, y = 2x, வெக்டர் (1, 2, 1). λ = 3-க்கு வரும்போது மூன்று நிரைகளும் ஒரே சமன்பாட்டைத் தருகின்றன:

```
x + y - z = 0
```

குறுக்குப் பெருக்கல் விதியிலேயே பழகியவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். எந்த இரண்டு நிரைகளை எடுத்தாலும் 0, 0, 0 என்றுதான் வரும். அதைப் பார்த்துவிட்டு "வெக்டர் இல்லை, மூலைவிட்டமாகாது" என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் நடப்பது நேர் எதிர். மூன்று மாறிகளுக்கு ஒரே ஒரு நிபந்தனை என்றால் இரண்டு மாறிகளை நம் இஷ்டத்துக்கு எடுக்கலாம். z = 0 என்று வைத்தால் (1, -1, 0). y = 0 என்று வைத்தால் (1, 0, 1). ஒன்று மற்றதன் மடங்கு இல்லை, ஆகவே இரண்டும் செல்லும்.

இங்கே வேறு வெக்டர்களை எடுத்தாலும் தவறில்லை. உங்கள் நண்பர் (0, 1, 1) எடுத்திருந்தால் அவருடைய P வேறாக இருக்கும், A¹⁰ ஒன்றாகவே வரும். P-ஐ ஒப்பிட்டு யார் சரி என்று சண்டை போட வேண்டாம்.

மூலைவிட்டமாகாத அணியும் உண்டுதான். இரண்டு முறை வரும் ஐகன் மதிப்பு λ-வுக்கு A - λI-இன் தரம் 1 ஆக இல்லாமல் 2 ஆக இருந்தால் ஒரே வெக்டர்தான் கிடைக்கும். கீழே உள்ளது அப்படிப்பட்டது:

```
3  1  0
0  3  0
0  0  5
```

இதற்கும் 3, 3, 5 தான், ஆனால் P அமைக்க முடியாது. எனவே மீண்டும் வரும் மூலத்தைப் பார்த்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தக் கழித்த அணியின் தரத்தைப் பார்ப்பது.

அறிகுறி 3: P⁻¹AP மூலைவிட்ட அணியாக வரவில்லை

P⁻¹ கண்டுபிடித்து, இரண்டு முறை பெருக்கி, அதன் பிறகு தவறு என்று தெரிந்துகொள்வது நேர விரயம். P-ஐ எழுதியதும் AP = PD என்பதைச் சரிபாருங்கள். நேர்மாறு தேவையில்லை, ஒவ்வொரு நிரலும் தனித்தனியாகச் சரியா தவறா என்று காட்டிவிடும். நம்முடைய அணிகள்:

```
P:              D:
 1   1   1      3  0  0
-1   0   2      0  3  0
 0   1   1      0  0  5
```

A-ஐ P-இன் முதல் நிரலால் பெருக்கினால் (3, -3, 0), இரண்டாவதால் (3, 0, 3), மூன்றாவதால் (5, 10, 5). முறையே 3 மடங்கு, 3 மடங்கு, 5 மடங்கு. சரி.

இது ஒத்துவராதபோது எப்படி ஒத்துவரவில்லை என்று கவனியுங்கள். பெருக்கிய நிரல் அதே வெக்டரின் மடங்காகத்தான் இருக்கிறது, ஆனால் மடங்கு வேறு என்றால், வெக்டரில் தவறில்லை. D-இல் வரிசை மாறியிருக்கிறது. உதாரணமாக D-ஐ 3, 5, 3 என்று எழுதியிருந்தால், இரண்டாம் நிரலில் ஒருபக்கம் (3, 0, 3), மறுபக்கம் (5, 0, 5) என்று நிற்கும். P-இல் வெக்டர்களை எந்த வரிசையில் அடுக்கினீர்களோ அதே வரிசையில் D-ஐ எழுதினால் தீர்ந்தது.

பெருக்கியது மடங்காகவே இல்லை என்றால் இரண்டு இடங்களில் தேடுங்கள். முதலாவது, வெக்டர்களை நிரல்களாக எழுதாமல் நிரைகளாக எழுதியிருக்கலாம். இரண்டாவது, படத்திலிருந்து எழுதி எடுத்தபோது A-இன் நிரையும் நிரலும் இடம் மாறியிருக்கலாம். ஒருவர் படத்தைப் பார்த்து வாசிக்க மற்றவர் எழுதும்போது இது சாதாரணமாக நடக்கிறது, அவர் மேலிருந்து கீழே வாசிப்பார், இவர் இடமிருந்து வலமாக எழுதுவார். நிரைநிரல் மாற்றிய அணிக்கும் ஐகன் மதிப்புகள் அதே 3, 3, 5 தான், அதனால் அதுவரை எந்தச் சந்தேகமும் வராது. வெக்டர்தான் மாறும்: சரியான அணியில் 5-க்கு (1, 2, 1), மாற்றிய அணியில் 5-க்கு (1, 1, -1). மாற்றிய அணியை (1, 2, 1)-ஆல் பெருக்கினால் (9, 12, -3) என்று எதற்கும் சேராத ஒன்று வரும். விடைத்தாளில் உள்ள வெக்டரும் உங்களுடையதும் அடியோடு வேறாக இருந்து, மதிப்புகள் மட்டும் ஒத்துப்போனால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அறிகுறி 4: A¹⁰-இல் பின்னம் மிஞ்சுகிறது, அல்லது எண் பொருந்தவில்லை

A-இல் எல்லாம் முழு எண்கள். முழு எண் அணியை எத்தனை முறை பெருக்கினாலும் முழு எண்தான் வரும், ஆகவே பின்னம் வந்தால் கணக்கில் தவறு என்பது உறுதி. பெரும்பாலும் P⁻¹-இன் முன்னால் நிற்கும் பின்னத்தில்தான் பிழை இருக்கும். இங்கே P-இன் அணிக்கோவை -2. அதன் குறியை மறக்காமல் வகுத்தால்:

```
P⁻¹ = (1/2) ×
 2   0  -2
-1  -1   3
 1   1  -1
```

இனி n-க்கு எண் போடாமலேயே PDⁿP⁻¹-ஐப் பெருக்கிவிடுங்கள். இது என் உறுதியான பரிந்துரை. 3¹⁰, 5¹⁰ என்ற பெரிய எண்களை ஒன்பது உறுப்புகளிலும் இழுத்துக்கொண்டு போவதில்தான் கை தவறுகிறது. பெருக்கிச் சுருக்கினால் கிடைப்பது:

```
Aⁿ = 3ⁿ I + ((5ⁿ - 3ⁿ)/2) B

B:
1   1  -1
2   2  -2
1   1  -1
```

B என்பது முதலில் பார்த்த அதே A - 3I. இந்த வடிவத்தைச் சோதிக்க n = 0, n = 1 போட்டுப் பாருங்கள். n = 0-க்கு அலகு அணி I வர வேண்டும். வராவிட்டால் P⁻¹ தவறு. ஆனால் இந்தச் சோதனையில் D-யின் பிழை தெரியாது, D⁰ எப்படியும் I தான். n = 1-க்கு A வர வேண்டும். அது வந்தால் D, P, வரிசை எல்லாம் சரி. 5ⁿ, 3ⁿ இரண்டும் ஒற்றை எண்கள் என்பதால் அவற்றின் வித்தியாசம் எப்போதும் 2-ஆல் வகுபடும், பின்னம் தானாகவே மறைந்துவிடும்.

இப்போது n = 10. 5¹⁰ = 9765625, 3¹⁰ = 59049, வித்தியாசத்தில் பாதி 4853288. எனவே:

```
4912337   4853288  -4853288
9706576   9765625  -9706576
4853288   4853288  -4794239
```

நடு உறுப்பு அப்படியே 5¹⁰ ஆக வந்திருப்பதைக் கவனியுங்கள். B-இன் நடுவில் 2 இருப்பதால் 3ⁿ கழிந்துவிடுகிறது, எந்த n-க்கும் அங்கே 5ⁿ தான் நிற்கும். இன்னொரு சோதனை, மூலைவிட்டத்தைக் கூட்டினால் 9883723. அது 5¹⁰ + 2 × 3¹⁰-க்குச் சமமாக இருக்க வேண்டும், இருக்கிறது.

அறிகுறி 5: கையால் போட்டதும் கணினி காட்டுவதும் வேறு வேறு

numpy-யில் `np.linalg.eig` போட்டவர்கள் முதலில் பார்ப்பது 0.408, 0.816, 0.408 போன்ற எண்களை, சிலசமயம் மூன்றுக்கும் கழித்தல் குறியோடு. இது (1, 2, 1) தான். வெக்டரின் நீளம் 1 ஆகும்படி √6-ஆல் வகுத்திருக்கிறது. மிகச் சிறிய உறுப்பால் எல்லாவற்றையும் வகுத்துப் பாருங்கள், உங்கள் வெக்டர் வந்துவிடும். மீண்டும் வரும் 3-க்கு மட்டும் இந்த ஒப்பீடு உதவாது, அங்கே அது வேறு இரண்டு வெக்டர்களை எடுத்திருக்கலாம்.

கையால் போட்டதைச் சரிபார்க்க sympy நல்லது, பின்னங்களையும் முழு எண்களையும் அப்படியே வைத்திருக்கும்:

```python
from sympy import Matrix
A = Matrix([[4, 1, -1], [2, 5, -2], [1, 1, 2]])
P, D = A.diagonalize()
print(A*P == P*D)
print(A**10)
```

மூலைவிட்டமாகாத அணியைக் கொடுத்தால் `diagonalize` பிழைச் செய்தி தந்து நின்றுவிடும். அறிகுறி 2-இல் வரும் சந்தேகத்துக்கு அது நேரடியான பதில்.

அடுக்கு பெரிதாகும்போது numpy-யில் வேறொரு ஆபத்து இருக்கிறது. இதை ஓட்டிப் பாருங்கள்:

```python
import numpy as np
A = np.array([[4, 1, -1], [2, 5, -2], [1, 1, 2]], dtype=np.int64)
print(np.linalg.matrix_power(A, 28)[1, 1])
```

வருவது 359414837200037393. எந்த எச்சரிக்கையும் இல்லை, கழித்தல் குறிகூட இல்லை, பார்க்க நல்ல பெரிய எண்ணாகத்தான் இருக்கிறது. ஆனால் நடு உறுப்பு 5²⁸ ஆக வேண்டும் என்று நமக்குத் தெரியும், 5-இன் அடுக்கு எதுவும் 3-இல் முடியாது. உண்மையான மதிப்பு 37252902984619140625. 64 பிட் முழு எண்ணில் கொள்ளும் உச்சம் ஏறக்குறைய 9.22 × 10¹⁸. 5²⁷ அதற்குள் அடங்கும், 5²⁸ அடங்காது. அடங்காதபோது 2⁶⁴-இன் மடங்குகள் சத்தமில்லாமல் கழிந்துவிடுகின்றன. `dtype=object` என்று மாற்றினால் பைத்தானின் எல்லையில்லா முழு எண்கள் பயன்பட்டுச் சரியான விடை வரும். `float` ஆக மாற்றுவது இதற்குத் தீர்வாகாது. அது 3.7252903 × 10¹⁹ என்று அளவைச் சரியாகச் சொல்லும், ஆனால் அதனால் 15, 16 இலக்கங்கள் வரைதான் நம்பகமாக வைத்திருக்க முடியும், இங்கே இருப்பது 20 இலக்கங்கள்.